ஆங்கில உச்சரிப்பில் ஒரே இலக்கு: தேர்ந்தெடுப்பது எப்படி, அதில் நிலைத்திருப்பது எப்படி? – ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில உச்சரிப்பைச் செம்மைப்படுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பிரிட்டிஷ் முறையைக் கற்பதா, அமெரிக்க முறையைக் கற்பதா என்பதைத்தான். எது உயர்ந்தது, எது உலகில் அதிகம் செல்லுபடியாகும் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் உண்டு. அந்த யோசனைக்கு இவ்வளவு காலம் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் கேட்பவருக்குப் புரியும்படி பேச முடியும். ஆனால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று நாளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டால் சில சொற்கள் உண்மையாகவே புரியாமல் போகும். இது அழகு, நயம் பற்றிய பேச்சு அல்ல. சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதற்கு ஒவ்வோர் உச்சரிப்பு முறையும் தனக்கென ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு வேறொன்றை அமைக்காமல் விடுவதே எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

இந்த வழிகாட்டியில் பிரிட்டிஷ் முறை என்று நான் சொல்வது தென் இங்கிலாந்தின் பொது உச்சரிப்பை. அமெரிக்க முறை என்று சொல்வது வட்டாரச் சாயல் அதிகம் இல்லாத பொது அமெரிக்க உச்சரிப்பை. ஸ்காட்லாந்தும் வட இங்கிலாந்தும் வேறு விதமாகப் பேசுகின்றன; அமெரிக்காவுக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. அகராதிகளில் ஒலிப்பதிவோடு கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு பொது முறைகள்தாம் என்பதால், கற்பவருக்கு இவையே வசதியானவை.

கலக்கும்போது என்ன நேர்கிறது

கடை என்று பொருள்படும் ‘ஷாப்’, கூர்மை என்று பொருள்படும் ‘ஷார்ப்’ ஆகிய இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க முறையில் இரண்டின் உயிரொலியும் ஏறத்தாழ ஒன்றே; இதழ் குவியாத, வாய் நன்கு திறந்த ஆகாரம் போன்ற ஒலி. அங்கே அவற்றைப் பிரிப்பது ரகர ஒலிதான். ‘ஷார்ப்’ என்பதில் அது தெளிவாகக் கேட்கும். ‘ஷாப்’ என்பதில் இல்லை. பிரிட்டிஷ் முறையிலோ மெய்யெழுத்துக்கு முன்னும் சொல்லின் இறுதியிலும் வரும் ரகரம் ஒலிக்கப்படுவதே இல்லை. ஆகவே அங்கே பிரிக்கும் வேலையை உயிரொலி செய்கிறது. கூர்மையைக் குறிக்கும் சொல்லில் நீண்ட ஆகாரம் வருகிறது. கடையைக் குறிக்கும் சொல்லில் இதழ் குவிந்த, குறுகிய ஒலி வருகிறது. தமிழில் எழுத வேண்டுமானால் ‘ஷொப்’ என்று எழுதலாம். ஆனால் நம் ஒகரத்தைவிடத் தாடை இன்னும் கீழே இறங்க வேண்டும்.

இப்போது ஒருவர் அமெரிக்க உயிரொலியையும் பிரிட்டிஷ் ரகர இழப்பையும் சேர்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். கடையும் ‘ஷாப்’ ஆகிவிடும். கூர்மையும் ‘ஷாப்’ ஆகிவிடும். சூட்டைக் குறிக்கும் ‘ஹாட்’, இதயத்தைக் குறிக்கும் ‘ஹார்ட்’, பானையைக் குறிக்கும் ‘பாட்’, பகுதியைக் குறிக்கும் ‘பார்ட்’, கடவுளைக் குறிக்கும் ‘காட்’, காவலரைக் குறிக்கும் ‘கார்ட்’ எல்லாம் இதே நிலையை அடையும். இரு முறைகளிலும் தனித்தனியே இருந்த வேறுபாடு, கலவையில் ஒரேயடியாக மறைந்துவிடுகிறது. பேசுபவர் எவ்வளவு நிதானமாகப் பேசினாலும் இது சரியாகாது.

தமிழ்ப் பேச்சாளர்கள் இதில் எளிதாகச் சிக்கிக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. பயிற்சி எதுவும் இல்லாமல் நாம் பேசும் ஆங்கிலம் எழுத்தை ஒட்டிப் போகிறது. ‘கார்’, ‘பார்க்’, ‘ஷார்ப்’ என்று ரகரத்தை விடாமல் ஒலிக்கிறோம். ‘ஹாட்’, ‘ஷாப்’, ‘பாக்ஸ்’ என்பவற்றை இதழ் குவிக்காமல் ஆகாரமாகவே சொல்கிறோம். அதாவது இந்த இடத்தில் நம் பழக்கம் அமெரிக்க ஏற்பாட்டுக்கு நெருக்கமானது. ரகரம்தான் சொற்களைப் பிரித்துக் காக்கிறது. பிரிட்டிஷ் முறையைக் கற்கத் தொடங்குகிறவருக்கு முதலில் காதில் விழுவது ரகரம் ஒலிக்காததுதான். அதைப் பின்பற்றுவதும் எளிது, ஏனெனில் புதிதாக எதையும் ஒலிக்க வேண்டியதில்லை. ஒன்றை விட்டுவிட்டால் போதும். உயிரொலியை மாற்றாமல் ரகரத்தை மட்டும் விட்டவர், தம்மையறியாமல் தம் ஆங்கிலத்தை முன்னைவிடப் புரியாததாக ஆக்கிக்கொள்கிறார்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதே சிக்கல் வரும். இயலும் என்பதற்கான ‘கேன்’, இயலாது என்பதற்கான ‘கான்ட்’ ஆகியவற்றைப் பாருங்கள். பிரிட்டிஷ் முறையில் எதிர்மறைச் சொல்லுக்கு நீண்ட ஆகாரம் உண்டு. நம்மவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனவே இறுதி டகரம் காதில் விழாவிட்டாலும் பொருள் தவறுவதில்லை. அமெரிக்க முறையில் இரண்டுக்கும் ஒரே உயிரொலிதான். வங்கியைக் குறிக்கும் ‘பேங்க்’ என்பதில் வரும், ஆவுக்கும் ஏவுக்கும் இடைப்பட்ட ஒலி. இறுதி டகரமும் அங்கே பெரும்பாலும் வெடித்து ஒலிப்பதில்லை. அப்படியானால் அமெரிக்கர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள்? உடன்பாட்டில் அந்தச் சொல்லை அழுத்தமின்றி, ‘க்ன்’ என்பதுபோல நொடியில் கடந்துவிடுகிறார்கள். எதிர்மறையில் அதை முழுதாக அழுத்திச் சொல்கிறார்கள். நம் பழக்கத்தில் உடன்பாட்டையும் ‘கேன்’ என்று முழுதாகவே சொல்கிறோம். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு எதிர்மறையை மட்டும் அமெரிக்க உயிரொலிக்கு மாற்றினால், ‘என்னால் வர முடியும்’ என்று நாம் சொல்வது அவர்கள் காதில் ‘முடியாது’ என்று விழக்கூடும்.

கேட்பவரின் பக்கம்

முதன்முறை கேட்கும் உச்சரிப்புக்குக் கேட்பவர் விரைவாகவே பழகிக்கொள்கிறார். கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அயல் உச்சரிப்பில் பேசப்படும் ஆங்கிலத்தைக் கேட்கும்போது தாய்மொழியாளர்களின் புரிதல் வேகம் தொடக்கத்தில் குறைவதையும், ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தக் குறை சுருங்குவதையும் காட்டினார்கள். கேட்பவர் ‘இவர் இந்த ஒலியை இப்படித்தான் சொல்வார்’ என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கணக்கு நிலைக்க வேண்டுமானால் பேசுபவர் அதே ஒலியை அடுத்த வாக்கியத்தில் மாற்றக் கூடாது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது எவை புரிதலைக் கெடுக்கின்றன என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-இல் முன்வைத்த பட்டியலில் இதற்கு நெருக்கமான ஒரு கருத்து இருக்கிறது. உயிரொலிகளின் நெடில் குறில் வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டும் என்று சொன்ன அவர், அவற்றின் தன்மை பிரிட்டிஷ் போலவோ அமெரிக்கா போலவோ இருக்கத் தேவையில்லை, ஒருவரிடம் அது மாறாமல் இருந்தால் பெரும்பாலும் போதும் என்றார். அவருடைய பட்டியல் ரகரத்தை எழுத்தில் உள்ளபடி ஒலிக்கச் சொல்கிறது; உயிர்களுக்கு இடையே வரும் டகரத்தையோ பிரிட்டிஷ் முறையில் தெளிவாக ஒலிக்கச் சொல்கிறது. அதுவும் ஒரு கலவைதான். ஆனால் என்றும் மாறாத, சொற்களை ஒன்றோடொன்று மோதவிடாத கலவை. ஆகவே நான் எதிர்ப்பது கலப்பை அல்ல, நிலையின்மையை.

முதல் படி: இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

தேர்வு செய்வதற்கு முன் உங்கள் பேச்சை இரண்டு மூன்று நிமிடங்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதி வைத்ததைப் படிக்க வேண்டாம். படிக்கும்போது எல்லோரும் தம் இயல்பைவிடக் கவனமாக ஒலிப்பார்கள். உங்கள் வேலையையோ அண்மையில் நடந்த ஒன்றையோ யாருக்கோ விளக்குவதுபோலப் பேசுங்கள். பிறகு அந்தப் பதிவை நான்கு முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை, மெய்க்கு முன்னும் சொல்லிறுதியிலும் வரும் ரகரத்தை ஒலிக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டாம் முறை, ‘ஹாட்’, ‘ஷாப்’, ‘பாக்ஸ்’ வகைச் சொற்களில் இதழ் குவிகிறதா என்று பாருங்கள். மூன்றாம் முறை, ‘ஆஸ்க்’, ‘கிளாஸ்’, ‘ஆஃப்டர்’ வகைச் சொற்களில் ஆகாரம் வருகிறதா, ‘பேங்க்’ ஒலி வருகிறதா என்று குறியுங்கள். கடைசியாக, ‘வாட்டர்’, ‘பெட்டர்’, ‘சிட்டி’ போன்றவற்றின் நடுவில் வரும் டகரம் தெளிவாக இருக்கிறதா, மெலிந்து ரகரம்போல ஆகிறதா என்று கேளுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க முறைகள் பிரியும் இடங்கள் இன்னும் பல உண்டு. ஆயினும் பேச்சில் அடிக்கடி வருபவை, கேட்பவர் உடனே உணர்பவை என்று பார்த்தால் இந்த நான்கையும் முதலில் வைப்பேன்.

நான்கிலும் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறவர்கள் அரிது. கவலைப்பட வேண்டியது அதைப்பற்றி அல்ல. ஒரே வகைச் சொல்லில் ஒரு முறை இப்படியும் இன்னொரு முறை அப்படியும் ஒலிக்கிறீர்களா என்பதையே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டாம் படி: செலவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

யாரோடு அதிகம் பேசப் போகிறீர்கள், எந்த முறையை நாள்தோறும் காதால் கேட்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் வந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. பதில்கள் வேறுபட்டால், ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்கும் உழைப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிரிட்டிஷ் முறைக்கு, ‘ஹாட்’ வகை உயிரொலியைப் புதிதாகக் கற்க வேண்டும். ரகரத்தை விட வேண்டும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விட்ட ரகரம் திரும்பி வரும் என்பதையும் பழக வேண்டும்: தனியே ‘கா’ என்று முடியும் சொல், ‘கார் இஸ்’ என்னும்போது ரகரத்தைப் பெறுகிறது. ‘ஆஸ்க்’ வகைச் சொற்களுக்கு விதி எதுவும் கிடையாது. தேவையைக் கேட்கும் ‘டிமாண்ட்’ ஆகாரம் பெறும். விரிவைக் குறிக்கும் ‘எக்ஸ்பேண்ட்’ பெறாது. தேர்ச்சியைக் குறிக்கும் ‘பாஸ்’ பெறும், எரிவாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ பெறாது. சொல் சொல்லாகத்தான் மனத்தில் ஏற்ற வேண்டும். இதில் தமிழருக்கு ஓர் உதவி உண்டு. தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் இந்தப் பிரிவினையைப் பெருமளவு அப்படியே வைத்திருக்கின்றன: கிளாஸ், டான்ஸ், சான்ஸ், பாஸ் ஒரு பக்கம், பேங்க், கேஸ், பேட் மறுபக்கம். உங்கள் நாக்கு இவற்றை ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

அமெரிக்க முறைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை; ‘ஆஸ்க்’, ‘கிளாஸ்’, ‘டான்ஸ்’ எல்லாம் ‘பேங்க்’ ஒலிக்கே போய்விடும். ‘ஹாட்’ வகையிலும் பெரிய மாற்றமில்லை. ஆனால் ரகரத்தின் தன்மை மாற வேண்டும். ‘மரம்’ என்னும்போது நாநுனி மேலே ஒரு முறை தட்டுகிறது. அமெரிக்க ரகரத்தில் நாக்கு எங்கும் தொடக் கூடாது. நம் ழகரமே அதற்கு மிக நெருங்கிய ஒலி. ‘கார்’ என்பதைக் ‘காழ்’ என்று சொல்லிப் பார்த்தால் முக்கால் தூரம் வந்துவிட்டீர்கள். நடுவில் வரும் டகரத்துக்கோ, நாம் விட்டுவிட்ட அந்த ஒருமுறைத் தட்டு ரகரமே பயன்படுகிறது. தண்ணீரைக் குறிக்கும் சொல் அமெரிக்க வாயில் ஏறத்தாழ ‘வாரழ்’. பிரிட்டிஷ் வாயில் ‘வோட்ட’. தமிழ் ஒலிகளை அறிந்தவருக்கு இது பெரிய வசதி என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது வழியும் உண்டு. கற்றறிந்த இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்தையே இலக்காக வைத்து, ரகரத்தையும் டகரத்தையும் தெளிவாக ஒலித்து, உயிர்களின் நெடில் குறிலையும் சொல் அழுத்தத்தையும் மட்டும் செம்மைப்படுத்திக்கொள்ளலாம். மாற்ற வேண்டியவை குறைவு. ஆனால் ஐயம் வரும்போது உடனே புரட்டிக் கேட்க, இந்த முறையில் ஒலிப்பதிவு செய்த அகராதிகளும் பாடங்களும் மற்ற இரண்டின் அளவுக்கு இல்லை. அந்த ஒரே குறைக்கு ஈடாக, நல்ல முன்மாதிரிப் பேச்சாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு வாரத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள். அதற்குமேல் யோசிப்பதால் தேர்வு மேம்பட்டதாக நான் கண்டதில்லை.

மூன்றாம் படி: ஓர் அகராதி, ஒரு முன்மாதிரி

ஐயம் வரும்போதெல்லாம் ஒரே இடத்தில் தீர்வு கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றின் இணைய அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு ஒலிப்பதிவுகளைத் தனித்தனியே தருகின்றன. இன்று முதல் அவற்றில் ஒன்றை மட்டுமே அழுத்துங்கள். ஒரு சொல்லுக்கு ஒரே முறைக்குள் இரண்டு உச்சரிப்புகள் கொடுக்கப்பட்டிருந்தால் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

முன்மாதிரிப் பேச்சாளரைத் தேர்வதில் அதிகக் கவனம் வேண்டும். திரைப்பட நடிகர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாத்திரத்துக்கேற்ப அவர்கள் உச்சரிப்பை மாற்றுவார்கள், உணர்ச்சிக் காட்சிகளில் சொற்களை விழுங்குவார்கள். நிதானமாக விரிவுரையாற்றுபவர், ஒலிநூல் வாசிப்பவர், நேர்காணல் நடத்துபவர் போன்றவர்கள் ஏற்றவர்கள். அவருடைய பேச்சு குறைந்தது சில மணி நேரமாவது கிடைக்க வேண்டும். எழுத்து வடிவமும் கிடைத்தால் மிக நல்லது. முதல் படியில் உங்கள் பேச்சை எப்படி நான்கு முறை கேட்டீர்களோ, அப்படியே அவருடைய பேச்சிலும் ஐந்து நிமிடங்களைக் கேட்டுப் பாருங்கள். நான்கு இடங்களிலும் நீங்கள் தேர்ந்த முறைக்கு ஒத்துவந்தால் அவரை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மாறினாலும் வேறொருவரைத் தேடுங்கள்; அவர் பேசுவதில் தவறு ஏதும் இல்லை, உங்கள் அகராதியோடு அவர் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இது பேசுவதற்கான முன்மாதிரி மட்டுமே. கேட்பதற்கு எத்தனை வகைக் குரல்கள், எத்தனை வட்டார உச்சரிப்புகள் கிடைத்தாலும் கேளுங்கள். பல குரல்களில் கேட்டுப் பழகியவர்கள் புதிய குரலிலும் ஒலி வேறுபாடுகளை நன்றாகப் பிரித்தறிகிறார்கள். பேச்சை ஒன்றில் நிறுத்துவதற்காகக் காதையும் அடைத்துக்கொள்வது பெரிய தவறு.

நான்காம் படி: புதியது அமைந்த பிறகே பழையதை விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். சொற்களைப் பிரித்துக் காட்டும் ஒரு வேறுபாட்டைக் கைவிடுவதற்கு முன், அந்த வேலையைச் செய்யப்போகும் புதிய வேறுபாட்டை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிரிட்டிஷ் முறையைத் தேர்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் போகவேண்டிய வரிசையைப் பார்ப்போம். அவர் இன்று ‘ஷாப்’, ‘ஷார்ப்’ என்று ரகரத்தால் பிரிக்கிறார். முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு அவர் ரகரத்தைத் தொடவே கூடாது. ‘ஹாட்’, ‘ஷாப்’, ‘ஜாப்’, ‘பாக்ஸ்’, ‘லாக்’, ‘ஸ்டாப்’ போன்ற அன்றாடச் சொற்களை இருபது முப்பது சேர்த்து எழுதிக்கொண்டு, அவற்றின் உயிரொலியை மட்டும் மாற்றப் பழக வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் இதழின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நீண்ட ஆகாரத்துக்கு இதழ்கள் தளர்ந்திருக்கும். இந்தக் குறிலுக்கு அவை லேசாக வட்டமாகும். வட்டம் அதிகமானால் அது நம் ஒகரமாகிவிடும், தாடை மேலே ஏறிவிடும். ஆகவே தாடையை ஆகாரத்துக்குரிய இடத்திலேயே வைத்துக்கொண்டு இதழ்களை மட்டும் அசைக்க வேண்டும்.

பிறகு இரண்டும் அருகருகே வரும் வாக்கியங்களை அமைத்துக்கொள்ளலாம். ‘த ஷாப் செல்ஸ் ஷார்ப் நைவ்ஸ்’ என்பது போதும்: கடை கூர்மையான கத்திகளை விற்கிறது. இந்தக் கட்டத்தில் அவர் அதை ‘த ஷொப் செல்ஸ் ஷார்ப் நைவ்ஸ்’ என்று சொல்வார். உயிரொலியும் ரகரமும் சேர்ந்து இரு மடங்கு பாதுகாப்புத் தருவதால் எவருக்கும் எதுவும் தவறாகக் கேட்காது. இப்படிப் பதிவு செய்ததை இரண்டு நாள் கழித்து, ரகரத்தைப் பொருட்படுத்தாமல் கேட்க வேண்டும். உயிரொலியை மட்டும் வைத்து இரண்டு சொற்களையும் தயங்காமல் பிரித்தறிய முடிந்தால் புதிய வேறுபாடு அமைந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ரகரத்தை விட்டு, ‘த ஷொப் செல்ஸ் ஷாஆப் நைவ்ஸ்’ என்று சொல்லத் தொடங்கலாம். ரகரம் போன இடத்தில் ஆகாரம் தன் முழு நீளத்தோடு இருக்க வேண்டும். அதைச் சுருக்கினால் மறுபடியும் மயக்கம் வரும்.

அமெரிக்க முறையைத் தேர்ந்தவருக்கும் வரிசை இதுவேதான், சொற்கள்தாம் வேறு. அவர் முதலில் ‘கேன்’ என்ற உடன்பாட்டுச் சொல்லை அழுத்தமின்றிக் கடக்கப் பழக வேண்டும்: ‘ஐ க்ன் கம்’ என்னும்போது அழுத்தம் ‘கம்’ என்ற சொல்லின்மேல் மட்டுமே விழ வேண்டும். சில வாரங்களில் அது இயல்பான பிறகே ‘கான்ட்’ என்பதன் ஆகாரத்தை ‘பேங்க்’ ஒலிக்கு மாற்றலாம். அதுவரை பழைய ஆகாரம் இருப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை.

எல்லை மீறிப் போகும் இடங்கள்

ஒரு முறையை ஆர்வத்தோடு கற்கும்போது, கற்றதைத் தேவையில்லாத இடத்துக்கும் கொண்டுபோவது இயல்பு. பிரிட்டிஷ் முறையைத் தேர்ந்தவர்கள் ‘ஆஸ்க்’ வகையைக் கற்றதும் கையைக் குறிக்கும் ‘ஹேண்ட்’ என்பதையும் வங்கியையும் ஆகாரமாக்கிவிடுவார்கள். பிரிட்டிஷ் முறையிலும் அவற்றுக்கு ‘பேங்க்’ ஒலிதான். உயிருக்கு முன் வரும் ரகரத்தையும் சிலர் விட்டுவிடுகிறார்கள்; ‘வெரி’ போன்ற சொற்களில் அது எப்போதும் ஒலிக்க வேண்டியது.

அமெரிக்க முறையில் டகரத்தை மெலிப்பதுதான் இப்படி எல்லை மீறுகிறது. டகரத்தை அடுத்து வரும் உயிர் அழுத்தம் பெறாதபோதுதான் ஒரு சொல்லுக்குள் அது மெலியும். அணுவைக் குறிக்கும் ‘ஆட்டம்’ என்பதில் முதல் அசை அழுத்தம் பெறுவதால் டகரம் மெலிகிறது. ‘அடாமிக்’ என்று அழுத்தம் அடுத்த அசைக்குப் போனதும் அதே டகரம் தெளிவாக வெடித்து ஒலிக்கிறது. ‘ஹோட்டல்’ என்பதிலும் ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் மெலிப்பு வராது. எல்லா டகரத்தையும் ரகரமாக்கிப் பேசுகிறவரைக் கேட்டால் எந்த முறையும் நினைவுக்கு வராது.

இந்தத் தவறுகளைத் தனியே பட்டியலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இவை கற்காததால் வருபவை அல்ல, அதிகமாகக் கற்றுக்கொண்டதால் வருபவை. ஆகவே மேலும் பயிற்சி செய்தால் கூடுமே தவிரக் குறையா. அந்தந்தச் சொல்லை அகராதியில் ஒருமுறை கேட்டுத் திருத்தினால்தான் போகும்.

ஐந்தாம் படி: மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்

மாதத்துக்கு ஒருமுறை முதல் படியில் செய்ததுபோலவே தயாரிப்பின்றி மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். நான்கு வகையில் ஒன்றை எடுத்து, அது வரும் முதல் இருபது இடங்களைக் குறித்து, எத்தனையில் தேர்ந்த முறையைப் பின்பற்றினீர்கள் என்று எண்ணுங்கள். இருபதில் பதினெட்டுக்கு மேல் வந்தால் அந்த வகையை முடிந்ததாக வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவு. பத்துக்கு அருகில் நின்றால் அதுதான் மோசமான நிலை. கேட்பவர் எதையும் எதிர்பார்க்க முடியாத இடம் அது. அப்போது அடுத்த வகையைத் தொடங்காமல் இதிலேயே இன்னும் ஒரு மாதம் இருங்கள், அல்லது பழைய ஒலிக்கே திரும்பிவிடுங்கள். பாதியில் நிற்பதைவிடப் பழைய இடத்தில் உறுதியாக நிற்பது கேட்பவருக்கு உதவும்.

தவறிய இடங்கள் எந்தச் சொற்களில் வருகின்றன என்றும் பாருங்கள். பெரும்பாலும் சிறு வயதிலிருந்தே தமிழ்ப் பேச்சில் கலந்து பழகிய சொற்களாகவே அவை இருக்கும். தமிழ் வாக்கியத்துக்குள் அவை வரும்போது பழையபடியே சொல்லுங்கள். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கில வாக்கியத்துக்குள் வரும்போது மட்டும் மாறினால் போதும். இரண்டு பழக்கங்களும் அருகருகே வாழும்.

இலக்கை மாற்றவேண்டி வந்தால்

வேறொரு நாட்டில் நெடுங்காலம் வாழப் போவது போன்ற காரணம் வந்தால் இலக்கை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் சூழல் தானாக மாற்றிவிடும் என்று விட்டுவிட வேண்டாம். புதிய ஊரில் முதலில் தொற்றுவது எளிதானவையே. அவை பழைய ஏற்பாட்டில் பாதியைக் கலைத்துவிட்டு நிற்கும். பிரிட்டிஷ் முறையிலிருந்து அமெரிக்க முறைக்குப் போகிறவர், முதலில் மெய்க்கு முன்னும் சொல்லிறுதியிலும் ரகரத்தை ஒலிக்கக் கற்று, அது இருபதில் பதினெட்டு இடங்களில் வந்த பிறகே ‘ஷொப்’ என்பதன் இதழ்க் குவிவை விட வேண்டும். எதிர்த்திசையில் போகிறவருக்கு நான்காம் படியில் சொன்ன வரிசையே பொருந்தும். இடைப்பட்ட மாதங்களில் ஏதேனும் ஒரு சொல் கேட்பவருக்குப் புரியாமல் போனால், அதையே உரக்கச் சொல்லாமல் வாக்கியத்தை வேறு சொல்லால் மாற்றிச் சொல்லிவிட்டு, புரியாமல் போன சொல்லை அன்றைக்கே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.